முகடு ≈ 3 இடைநிலை − 2 சராசரி: எதைக் கண்டுபிடிக்க இதை நம்பலாம்?

கேள்வி: சராசரியும் இடைநிலையும் கையில் இருக்கின்றன, முகடு இல்லை. 3 இடைநிலை − 2 சராசரி என்று போட்டால் ஒரு விடை வருகிறது. முகட்டுக்கான நேரடிச் சூத்திரத்தில் வேறு விடை வருகிறது. எது சரி? இந்த 3-உம் 2-உம் எங்கிருந்து வந்தன? எந்தத் தரவுக்கு இதைப் போடலாம், எதற்குப் போடக்கூடாது?

பதில்:

இரண்டு விடைகளும் மதிப்பீடுகள்தாம். ஆகவே அவை துல்லியமாகப் பொருந்தாமல் போவதில் தவறு எதுவும் இல்லை. இரண்டும் எவ்வளவு விலகுகின்றன, ஏன் விலகுகின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும். சூத்திரத்தின் நடுவே சமக்குறி போட்டுப் பழகிவிட்டதால்தான் இந்தக் குழப்பமே வருகிறது. அங்கே இருக்க வேண்டியது ≈.

இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் சராசரி, இடைநிலை, முகடு என்று எழுதுவதை நீங்கள் இடை, இடையம், ஆகாரம் என்று வாசித்துக்கொள்ளுங்கள்.

முதலில் 3-உம் 2-உம் வந்த கதை. 1895இல் கார்ல் பியர்சன் ஒரு பக்கம் சாய்ந்த பரவல்களுக்கு வளைவரைகள் பொருத்திக்கொண்டிருந்தபோது ஓர் ஒழுங்கைக் கவனித்தார். முகட்டிலிருந்து சராசரி வரை ஒரு கோடு இழுத்தால், இடைநிலை அந்தக் கோட்டின் மேல், சராசரிக்கு அருகில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில் விழுகிறது. அனுபவத் தொடர்பு எனப்படும் இதைச் சூத்திரமாக எழுதினால்:

சராசரி − முகடு ≈ 3 (சராசரி − இடைநிலை)

இதை முகட்டுக்காகத் திருப்பி எழுதினால் 3 இடைநிலை − 2 சராசரி வந்துவிடும். மனப்பாடம் செய்வதானால் மேலே உள்ள வடிவத்தையே செய்யுங்கள். 3 எதற்கு, 2 எதற்கு என்று தேர்வறையில் குழம்ப வேண்டியதில்லை. கோட்டில் மூன்று புள்ளிகளை வைத்துப் பார்த்தாலே போதும்.

பியர்சன் பயன்படுத்திய வளைவரைகளில் ஒன்றை இன்று காமா பரவல் என்கிறோம். அதில் இந்த ஒழுங்கு மிக அழகாகத் தெரியும். வடிவ அளவு 4, அலகு 1 உள்ள காமா பரவலில் முகடு 3, சராசரி 4, இடைநிலை 3.672. சராசரியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு பின்னால் வந்தால் 3.667. வித்தியாசம் மூன்றாம் தசம இடத்தில்தான்.

இது காமா பரவலுக்கு மட்டும் உரிய தற்செயல் இல்லை. மணி வடிவ வளைவரையை எடுத்துக் கொஞ்சமாகச் சாய்த்தால், முகடு சராசரியை விட்டு விலகும் தூரம் 'விலக்கங்களின் மும்மடிகளிலிருந்து பெறும் கோட்ட அளவு × திட்டவிலக்கம்' என்ற பெருக்குத்தொகையில் ஏறத்தாழ பாதி. இடைநிலை விலகும் தூரம் அதே பெருக்குத்தொகையில் ஏறத்தாழ ஆறில் ஒன்று. பாதியை ஆறில் ஒன்றால் வகுத்தால் 3. அந்த 3தான் இந்த 3. இதற்கான கணித விளக்கத்தை 1917இல் பயோமெட்ரிகா இதழில் ஆர்தர் டூட்சன் எழுதினார். பின்னாளில் கடல் ஓதக் கணக்குகளுக்காகப் பெயர் பெற்றவர் அவர். 'கொஞ்சமாகச் சாய்த்தால்' என்பது இதில் நிபந்தனை. நிறையச் சாய்த்தால் இந்தப் பாதியும் ஆறில் ஒன்றும் நிலைக்காது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது ஒரு கணக்கு. ஒரு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் 100 பேர் மருத்துவரைப் பார்க்கக் காத்திருந்த நேரம் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

| நிமிடம் | பேர் |
|---|---|
| 0–10 | 8 |
| 10–20 | 22 |
| 20–30 | 28 |
| 30–40 | 20 |
| 40–50 | 12 |
| 50–60 | 7 |
| 60–70 | 3 |

ஏறும் பக்கம் செங்குத்தாகவும் இறங்கும் பக்கம் நீளமாகவும் இருக்கிறது. வலப்பக்க வால், அதாவது நேர்க் கோட்டம். இப்படிப்பட்ட தரவில் முகடு, இடைநிலை, சராசரி என்ற வரிசையில் மதிப்புகள் ஏறிச் செல்ல வேண்டும்.

சராசரி: நடுமதிப்புகளை நிகழ்வெண்களால் பெருக்கிக் கூட்டினால் 2890. நூறால் வகுத்தால் 28.9.

இடைநிலை: 50ஆவது ஆளைத் தேட வேண்டும். முதல் இரண்டு பிரிவுகளில் 30 பேர் முடிந்துவிட்டார்கள். மூன்றாம் பிரிவின் 28 பேரில் இன்னும் 20 பேர் வேண்டும். 20 + (20/28) × 10 = 27.14.

முகடு, நேரடிச் சூத்திரத்தில்: முகட்டுப் பிரிவு 20–30. அதற்கு முந்தைய பிரிவைவிட 6 பேர் அதிகம், பிந்தைய பிரிவைவிட 8 பேர் அதிகம். 20 + (6/14) × 10 = 24.29.

அனுபவத் தொடர்பின்படி முகடு: 3 × 27.14 − 2 × 28.9 = 23.63 (இடைநிலையை 27.142857 என்றே வைத்துக் கணக்கிட்டால்). நேரடி விடைக்கும் இதற்கும் 0.66 நிமிட வித்தியாசம். பிரிவின் அகலமே 10 நிமிடம் என்னும்போது இது நல்ல பொருத்தம்.

இதே அட்டவணையில் ஒவ்வொன்றையும் மாறி மாறி மறைத்துவிட்டு, மற்ற இரண்டைக் கொண்டு கண்டுபிடித்துப் பாருங்கள். தொடர்பை அதற்கேற்பத் திருப்பிக்கொள்ள வேண்டும்:

சராசரி ≈ (3 இடைநிலை − முகடு) / 2
இடைநிலை ≈ (முகடு + 2 சராசரி) / 3

சராசரியை மறைத்தால் (81.43 − 24.29)/2 = 28.57 கிடைக்கும். உண்மையில் 28.9, பிழை 0.33. இடைநிலையை மறைத்தால் (24.29 + 57.8)/3 = 27.36. உண்மையில் 27.14, பிழை 0.22.

முகட்டுக்கு 0.66, சராசரிக்கு 0.33, இடைநிலைக்கு 0.22. முதல் பிழையின் பாதி இரண்டாவது, மூன்றில் ஒரு பங்கு மூன்றாவது. எந்தத் தரவை எடுத்தாலும் இந்த விகிதம் மாறாது, ஏனென்றால் தரவு தொடர்பை விட்டு விலகும் அளவு ஒன்றுதான். முகட்டைத் தேடும்போது அது முழுதாக நம் தலையில் விழுகிறது. சராசரியைத் தேடும்போது 2ஆல் வகுபட்டும், இடைநிலையைத் தேடும்போது 3ஆல் வகுபட்டும் குறைந்துவிடுகிறது. ஆக, இந்தத் தொடர்பு மிக நன்றாக மதிப்பிடுவது இடைநிலையை, மிகப் பலவீனமாக மதிப்பிடுவது முகட்டை. நாம் அதை அதிகம் பயன்படுத்துவதோ முகட்டுக்கு! பாடம் நடத்தும்போது இந்த ஒன்றையாவது சொல்லிவிட வேண்டும் என்பது என் எண்ணம்.

உள்ளே போடும் எண்களில் இருக்கும் பிழையும் இதே போலப் பெருகும். முகட்டைத் தேடும்போது இடைநிலையில் உள்ள பிழை மூன்று மடங்காகும், சராசரியில் உள்ளது இரண்டு மடங்காகும். மேலே உள்ள கணக்கில் இடைநிலையை 27 என்றும் சராசரியை 29 என்றும் முழுதாக்கிப் போட்டால் முகடு 81 − 58 = 23 என்று வரும். கடைசிப் படிக்கு முன் முழுதாக்கியதாலேயே 0.63 போய்விட்டது. இரண்டையும் குறைந்தது இரண்டு தசம இடங்களோடு வைத்துக்கொண்டு, விடையை மட்டும் முழுதாக்குங்கள். 'என் விடை ஏன் பொருந்தவில்லை' என்ற கேள்விகளில் பலவற்றுக்கு இதுதான் பதில்.

அப்படியானால் முகட்டுக்கு இதை விட்டுவிடலாமா? கூடாது. நேரடிச் சூத்திரம் தடுமாறும் இடம் ஒன்று உண்டு, அங்கேதான் இதற்கு உண்மையான வேலை. அதே அட்டவணையில் 20–30 பிரிவிலிருந்து 3 பேரை மட்டும் 10–20 பிரிவுக்கு மாற்றுங்கள். இப்போது இரண்டு பிரிவிலும் 25, 25. முகட்டுப் பிரிவு எது? 10–20 என்று எடுத்தால் சூத்திரம் 20 தருகிறது. 20–30 என்று எடுத்தாலும் 20தான் தருகிறது. பக்கத்துப் பக்கத்துப் பிரிவுகள் சமமாக இருந்தால் விடை எப்போதும் நடு எல்லையில் போய் உட்கார்ந்துகொள்ளும். நூறில் மூன்று பேர் நகர்ந்ததற்கு முகடு 24.29இலிருந்து 20க்குக் குதித்துவிட்டது.

அனுபவத் தொடர்பு என்ன சொல்கிறது? புதிய சராசரி 28.6. இடைநிலை 20 + (17/25) × 10 = 26.8. முகடு 80.4 − 57.2 = 23.2. முன்பு 23.63. மூன்று பேர் நகர்ந்ததற்கு அரை நிமிடம் கூட மாறவில்லை. காரணம் எளிது. நேரடிச் சூத்திரம் மூன்றே மூன்று பிரிவுகளின் நிகழ்வெண்களைப் பார்க்கிறது, பிரிவு எல்லைகளை எங்கே போட்டோம் என்பதற்கும் ஆடுகிறது. அனுபவத் தொடர்பு சராசரி வழியாகவும் இடைநிலை வழியாகவும் நூறு பேரையும் பார்க்கிறது. எனவே முகட்டுப் பிரிவு எது என்று தெளிவாகத் தெரியாதபோதும், உச்சியில் உள்ள பிரிவுகளுக்கிடையே ஓரிரு பேர்தான் வித்தியாசம் என்னும்போதும் இதைப் பயன்படுத்துவது நியாயமானது. ஒரு பிரிவு தெளிவாக ஓங்கி நின்றால் நேரடி முறையே மேல்.

சராசரியைத் தேடுவதற்கும் ஓர் இயல்பான சந்தர்ப்பம் உண்டு: திறந்த பிரிவு. அட்டவணையின் கடைசி வரி '50 நிமிடத்துக்கு மேல் – 10 பேர்' என்று முடிந்திருந்தால் நடுமதிப்பு கிடையாது, சராசரி போட முடியாது. ஆனால் இடைநிலைக்கும் முகட்டுக்கும் அந்த வரியின் எல்லை தேவையே இல்லை, மேலே வந்த 27.14-உம் 24.29-உம் அப்படியே நிற்கும். அவற்றிலிருந்து நாம் பெற்ற 28.57, ஒளிந்திருந்த 28.9க்கு மிக அருகில். கடைசிப் பிரிவின் நடுமதிப்பை 55 என்றோ 65 என்றோ கையால் ஊகித்துப் போட்டால் சராசரி 28.6இலிருந்து 29.6 வரை ஆடும். இரண்டு வழியிலும் கணக்கிட்டு அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது. ஒரு நிபந்தனை: திறந்த பிரிவில் உள்ளவர்கள் வெகுதூரம் போயிருக்கக் கூடாது. அந்தப் பத்துப் பேரில் ஒருவர் ஐந்து மணி நேரம் காத்திருந்தால், அது இடைநிலைக்கும் தெரியாது, முகட்டுக்கும் தெரியாது. ஆகவே நம் மதிப்பீட்டுக்கும் தெரியாது.

இனி, எங்கே இது கவிழும்.

'மிதமான கோட்டம்' என்று எல்லா நூல்களும் சொல்கின்றன, எவ்வளவு என்றால் மிதம் என்று பெரும்பாலும் சொல்வதில்லை. மேலே சொன்ன மும்மடிக் கோட்ட அளவு இதற்கு வேண்டாம், கையிலிருக்கும் எண்களிலிருந்தே வேறொரு கோட்ட அளவு எடுக்கலாம்: 3 (சராசரி − இடைநிலை) ÷ திட்டவிலக்கம். நம் அட்டவணையில் திட்டவிலக்கம் 14.76, எனவே 3 × 1.757 ÷ 14.76 = 0.36. இது 0.5க்குள் இருந்தால், பரவலுக்கு ஒரே உச்சி இருக்கும் பட்சத்தில், நான் தயங்காமல் தொடர்பைப் பயன்படுத்துவேன். 0.5க்கு மேல் போகப் போக, பரவல் எந்த வகை என்பது முக்கியமாகிவிடும். அதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும்.

அடுக்குக்குறிப் பரவலில் சராசரி 1, இடைநிலை 0.693, முகடு 0. கோட்ட அளவு 0.92. தொடர்பு தரும் முகடு 0.08. இவ்வளவு சாய்ந்த பரவலுக்கு இது மோசமில்லை, காமா குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் தாங்குகிறது. வருமானத் தரவுகளுக்கு அடிக்கடி பொருத்தப்படும் மடக்கை இயல்நிலைப் பரவலை எடுங்கள். இடைநிலை 20,000 ரூபாய், மடக்கைகளின் திட்டவிலக்கம் 1 என்றால், சராசரி 32,974 ரூபாய், உண்மையான முகடு 7,358 ரூபாய். கோட்ட அளவு 0.90, முந்தையதைவிடக் கொஞ்சம் குறைவுதான். ஆனால் தொடர்பு தரும் முகடு 60,000 − 65,949 = −5,949 ரூபாய். எதிர்மறை வருமானம்! கோட்ட அளவு ஒன்றுக்குள் இருந்தால் பரவாயில்லை என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம் என்பது இதனால்தான். சராசரி இடைநிலையைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டிவிட்டால் விடை கட்டாயம் எதிர்மறையாகும். வருமானம், சொத்து, மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைத் தொகை போன்ற நீண்ட வால் கொண்ட தரவுகளில் இதைத் தொடாமல் இருப்பதே சரி. அதே பரவலில் மடக்கைகளின் திட்டவிலக்கம் 0.3ஆக இருந்திருந்தால், இடைநிலையை 1 என்று வைக்கும்போது உண்மை முகடு 0.914, தொடர்பு தருவது 0.908. அங்கே பிரச்சினையே இல்லை. வகை ஒன்றே, சாய்வின் அளவுதான் வேறு.

இரட்டை உச்சி இதைவிட ஆபத்தானது, ஏனென்றால் எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. ஒரு வகுப்பில் பாதிப் பேர் 30 மதிப்பெண்ணைச் சுற்றியும் பாதிப் பேர் 70ஐச் சுற்றியும் சமச்சீராக இருந்தால், சராசரி 50, இடைநிலை 50. கோட்ட அளவு பூச்சியம். தொடர்பு 'முகடு 50' என்று சாதுவாகச் சொல்லும். அந்த இடத்தில்தான் ஆட்களே இல்லை. கோட்டத்தை அளந்து மட்டும் இதைப் பிடிக்க முடியாது, நிகழ்வெண்களைக் கண்ணால் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். பொதுத் தேர்வு மதிப்பெண்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. தேர்ச்சி எல்லை 35 என்றால், விளிம்பில் நின்றவர்களைத் தூக்கிவிடும் இடங்களில் 35இலேயே ஒரு கூர்முனை எழும்பும். அது பரவலின் வடிவத்தால் வந்த முகடு இல்லை, விதியால் வந்தது. சராசரியையும் இடைநிலையையும் எப்படிக் கலந்தாலும் அந்த 35 கிடைக்காது.

குடும்பத்தில் எத்தனை குழந்தைகள், வீட்டில் எத்தனை அறைகள் போன்ற சிறு முழு எண் தரவுகளுக்கும் இது வேண்டாம். முகட்டை எண்ணியே பார்த்துவிடலாம், சூத்திரம் 1.74 குழந்தைகள் என்று ஏதாவது சொல்லும்.

கடைசியாக, கெட்டுப்போன ஒரே ஒரு எண். நம் நூறு பேரில் ஒருவரின் 65 நிமிடம் பதிவேட்டில் 650 என்று ஏறிவிட்டதாக வைத்துக்கொள்வோம். சராசரி 28.9இலிருந்து 34.75க்குப் போகும், இடைநிலை அசையாது. தொடர்பு தரும் முகடு 81.43 − 69.5 = 11.93. ஒரு பூச்சியம் கூடியதற்கு முகடு பன்னிரண்டு நிமிடம் பின்வாங்கிவிட்டது, அதுவும் தவறு நடந்த திசைக்கு எதிர்த் திசையில்! சராசரி வலப்பக்கம் இழுபட்டால் மதிப்பிட்ட முகடு இடப்பக்கம் ஓடும். இந்தத் தவறைப் பிடிக்க எளிய வழி, கிடைத்த விடையை அட்டவணையில் வைத்துப் பார்ப்பதுதான். 11.93 விழுவது 22 பேர் உள்ள 10–20 பிரிவின் தொடக்கத்தில், உச்சி இருப்பதோ 28 பேர் உள்ள 20–30இல். மதிப்பிட்ட முகடு அதிக நிகழ்வெண் உள்ள பிரிவில் விழ வேண்டும், அல்லது ஏறத்தாழ சமமாக உள்ள பக்கத்துப் பிரிவில் உச்சியை ஒட்டி விழ வேண்டும். அதைத் தாண்டிப் போனால் சூத்திரத்தைத் திருத்தப் பார்க்காதீர்கள், மூலத் தரவைத் திறந்து பாருங்கள்.

இன்னொன்று: உள்ளே போடும் இரண்டு எண்களும் ஒரே தரவிலிருந்து வந்திருக்க வேண்டும். சராசரி ஓர் ஆண்டறிக்கையிலிருந்தும் இடைநிலை வேறோர் ஆண்டின் அறிக்கையிலிருந்தும் வந்தால், அந்த இரண்டு ஆண்டுகளின் வித்தியாசமும் மூன்று மடங்காகவோ இரண்டு மடங்காகவோ பெருகி முகட்டில் போய் உட்காரும், அது அங்கே இருப்பதே தெரியாது.

உங்கள் கணக்கில் இரண்டு விடைகளும் பிரிவு அகலத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் விலகினால் நேரடி விடையை எழுதுங்கள், தொடர்பு தந்ததைச் சரிபார்ப்பாக வைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் இரண்டு பிரிவுகள் சமமாக நின்றிருந்தால் தொடர்பு தந்ததையே எழுதி, பக்கத்தில் 'அனுபவத் தொடர்பின்படி மதிப்பிட்டது' என்று குறியுங்கள்.